78 வயதில் எச்பிஏ1சி 6.4: நல்ல கண்ட்ரோலா, அளவுக்கு மீறிய மருந்தா?

"அம்மாவுக்கு வயசு 78. சுகர் வந்து 19 வருஷம் ஆகுது. கிளிமிபிரைடு 2, மெட்ஃபார்மின் 500, வோக்ளிபோஸ் 0.2 மூணும் சேர்ந்த மாத்திரை காலையும் ராத்திரியும். பிரஷருக்கு மெட்டோபிரோலால் 50. போன வாரம் எடுத்த டெஸ்ட்ல வெறும் வயிறு 98, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 151, எச்பிஏ1சி 6.4, கிரியேட்டினின் 1.3. 'கண்ட்ரோல் ரொம்ப நல்லா இருக்கு, இதையே தொடருங்க'ன்னு சொல்லிட்டாங்க. ஆனா மதியம் ஆனா காரணமே இல்லாம எரிஞ்சு விழுறாங்க. ரெண்டு மாசத்துல ரெண்டு தடவை கீழ விழுந்துட்டாங்க. காலையில தலையணை ஈரமா இருக்கு. எடை 54ல இருந்து 48க்கு வந்துடுச்சு. வயசாயிடுச்சுன்னு விட்டுடலாமா, இல்ல சுகர் காரணமா இருக்குமா?"

சுகர் காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது ஏறுவதால் அல்ல, யாரும் பார்க்காத நேரத்தில் இறங்குவதால். கிளிமிபிரைடு சாப்பிடும் 78 வயதுக்காரருக்கு எச்பிஏ1சி 6.4 வந்தால் அதைப் பாராட்டுக்குரிய எண்ணாகப் பார்க்கக் கூடாது, எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும். எல்லா மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கீழே சொல்லும் நேரங்களில் நான்கைந்து நாள் அளந்து, அந்தத் தாளோடு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். அதற்குள் ஒரு தடவை 70-க்குக் கீழே வந்தாலும் காத்திருக்க வேண்டாம். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்கும் முன் டாக்டரிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 6.4-ஐப் பார்ப்போம். எச்பிஏ1சி என்பது ஏறத்தாழ மூன்று மாத சராசரி. 6.4 என்றால் சராசரிச் சர்க்கரை 137 அளவில் இருக்கிறது என்று கணக்கு. நாள் முழுக்க 110-க்கும் 160-க்கும் நடுவில் நின்றாலும் அந்த எண் வரும். மதியம் 55-க்கு இறங்கி இரவில் 220-க்கு ஏறினாலும் அதே எண்தான் வரும். பள்ளத்தை மேடு மறைத்துவிடும். போதாக்குறைக்கு, இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அம்மாவுக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருக்குமானால், அசல் சராசரி 137-ஐவிடவும் கீழே இருக்கலாம். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கும் சமீபத்தில் ரத்தம் ஏற்றியவர்களுக்கும் இது தலைகீழாகப் போகும், எண் பொய்யாகக் குறைந்து தெரியும். அதனால் ஹீமோகுளோபின் தெரியாமல் எச்பிஏ1சியை மட்டும் வைத்து முடிவு சொல்வது பாதிக் கணக்கு.

அடுத்து அந்த 98-ம் 151-ம். நம் ஊரில் சுகர் டெஸ்ட் என்றாலே காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, டிபன் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் ஒன்று. சர்க்கரை அதிகமாக இருக்கிறதா என்று பார்க்க இந்த இரண்டும் போதும். இறங்குகிறதா என்று பார்க்க இவை ஏற்ற நேரங்கள் அல்ல. காலை மாத்திரையின் வேகம் மிச்சமிருக்க, தின்ற இட்லி செரித்து முடிந்திருக்கும் நேரம் மதியம் 12 முதல் 1 வரை. அதேபோல மாலை காபிக்குப் பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நேரம். மூன்றாவது, இரவு மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும் விடியற்காலை 2 முதல் 4 மணி வரை. லேப் திறந்திருக்கும் நேரத்தில் இந்த மூன்றில் எதுவும் அகப்படுவதில்லை. காலையில் 98 வந்ததால் இரவெல்லாம் 98 இருந்தது என்று பொருளில்லை. மூன்று மணிக்கு 58-க்கு இறங்கினால், விடியும் முன் உடம்பு தானாகச் சுரக்கும் ஹார்மோன்கள் அதைத் தூக்கி 98-ல் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம். ஈரத் தலையணையும் மதிய எரிச்சலும் இந்த நேரங்களோடு பொருந்திப்போவதைக் கவனியுங்கள்.

மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையில் இருந்தாலும் குற்றவாளி ஒன்றுதான். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம். வோக்ளிபோஸும் அப்படியே. கிளிமிபிரைடு வேறு ரகம். கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து அது. சாப்பிட்டார்களா, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. மாத்திரை உள்ளே போனால் இன்சுலின் வந்தே தீரும். இதே குடும்பத்தில் கிளிபென்கிளமைடு இன்னும் மோசம். அது நீண்ட நேரம் வேலை செய்யும், அதன் கழிவும் சர்க்கரையைக் குறைக்கும். முதியவர்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் பழைய அட்டை ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடுங்கள்.

இப்போது கிரியேட்டினின் 1.3. லேப் தாளில் அது எல்லையை ஒட்டித்தான் இருக்கும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய 48 கிலோ உடம்பில் அது குறைவாகத்தான் உற்பத்தியாகும், அப்படியிருந்தும் 1.3 நிற்கிறது. வயதையும் பெண் என்பதையும் சேர்த்து இன்று வழக்கிலுள்ள 2021 சூத்திரத்தில் கணக்கிட்டால் சிறுநீரக வடிகட்டும் திறன், அதாவது இ-ஜிஎஃப்ஆர், 42 அளவில் வரும். 60-க்கு மேல் இருக்க வேண்டியது 42. கிளிமிபிரைடு உடைந்து உண்டாகும் பொருள்களில் ஒன்றுக்கும் சர்க்கரையை இறக்கும் சக்தி உண்டு. அது வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. வடிகட்டி மெதுவானால் மருந்து உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். இன்சுலினும் சிறுநீரகத்தில் ஒரு பகுதி அழிகிறது, அதுவும் மெதுவாகும்.

இதற்கு மேல் எடைக் குறைவு. 54 கிலோவில், மூன்று வேளையும் வயிறார உண்டபோது எழுதிய டோஸ் இது. இப்போது உடம்பில் ஆறு கிலோ இல்லை, பல்செட் சரியில்லாமலோ பசியில்லாமலோ இரவுச் சாப்பாடு ஒரு தோசையில் முடிகிறது என்றால், அன்று சரியாக இருந்த மாத்திரை இன்று அதிகம். டோஸை யாரும் கூட்டவில்லை, ஆனாலும் அது கூடிவிட்டது. முதியவர்களிடம் அளவுக்கு மீறிய சிகிச்சை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. மருந்துச்சீட்டு அப்படியே இருக்கிறது, உடம்பு மாறிவிடுகிறது. இந்த எடைக் குறைவு தானாக ஏன் வந்தது என்பதையும் டாக்டர் தனியாகப் பார்க்க வேண்டும், அதை மறக்காமல் கேளுங்கள்.

அப்படியானால் எவ்வளவு இருக்கலாம்? அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதல் முதியவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. வேறு நோய் அதிகமில்லாமல், நினைவு தெளிவாக, தானாக எல்லாம் செய்துகொள்பவர்களுக்கு எச்பிஏ1சி 7.0 முதல் 7.5-க்குள். பல நோய்கள் சேர்ந்தவர்களுக்கு 8-க்குள். படுத்த படுக்கை, முற்றிய மறதி நோய், கடைசிக்கட்ட நோய் என்றால் எச்பிஏ1சியைப் பார்ப்பதையே விட்டுவிடச் சொல்கிறார்கள். அங்கே சர்க்கரை இறங்காமலும், ஏறி அவதிப்படாமலும் இருந்தால் போதும். சிறுநீரகக் குறைவு, ரத்த அழுத்தம், விழும் வழக்கம் எல்லாம் இருப்பதால் உங்கள் அம்மா நடு வகை. அந்த வகைக்கு வெறும் வயிற்றில் 90 முதல் 150, படுக்கப் போகும்போது 100 முதல் 180 என்று வைத்துக்கொள்ளலாம்.

பலர் கவனிக்காத ஒன்று, இலக்குக்குக் கீழ் எல்லையும் உண்டு என்பது. அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சர்க்கரையை இறக்கக்கூடிய மருந்து சாப்பிடும் நடு வகை முதியவர்களுக்கு எச்பிஏ1சி 7.5-க்குக் குறையாமல் 8-க்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. சராசரிச் சர்க்கரையாகச் சொன்னால் 169 முதல் 183 வரை. உங்கள் அம்மாவின் 137 அதற்கு வெகு கீழே. அதே கிளிமிபிரைடு இல்லாமல், உணவாலும் மெட்ஃபார்மினாலும் மட்டும் 6.4 வந்திருந்தால் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. எண்ணைவிட அந்த எண் எந்த மருந்தால் வந்தது என்பதே முக்கியம்.

மேல் எல்லை ஏன் 8 அளவில் நிற்கிறது, ஏன் 10 வரை விட்டுவிடக்கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை 180-ஐத் தாண்டும்போதுதான் சிறுநீரில் இறங்கத் தொடங்குகிறது. அதோடு தண்ணீரும் போகிறது. இரவில் நான்கு தடவை எழுந்து கழிவறைக்கு நடப்பது, நாக்கு வறள்வது, எடை குறைவது, சிறுநீர்த் தொற்று எல்லாம் அங்கிருந்து வரும். ஆகவே பெரும்பாலான நேரம் 200-க்குள் வைத்தால் அந்தத் தொல்லைகள் இல்லை. அதற்கும் கீழே, 120, 110 என்று இறக்குவதால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைக்கும் பலன் பல ஆண்டுகள் கழித்துக் கைக்கு வருவது. விழுந்து இடுப்பு எலும்பு முறிவது இன்று மதியமே நடக்கலாம். அக்கார்ட் என்ற பெரிய ஆய்வில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஒரு பாதிக்கு எச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுபோக முயன்றார்கள். அந்தப் பிரிவில் இறப்பு கூடியதால் 2008 பிப்ரவரியில் அதை நிறுத்தினார்கள். அதில் இருந்தவர்களின் சராசரி வயது 62 தான்.

இறக்கம் வந்தால் தெரியாதா, கை நடுங்குமே, படபடக்குமே என்று கேட்பார்கள். இளையவர்களுக்கு அப்படித்தான். 70-ஐத் தொடும்போதே உடம்பு அட்ரீனலின் விட்டு மணியடிக்கும். பல ஆண்டு சர்க்கரை இருக்கும் முதியவரிடம் அந்த மணி மங்கிவிடுகிறது. அடிக்கடி இறங்கியிருந்தால் இன்னும் மங்கும். எச்சரிக்கை வராமலே மூளைக்குச் சர்க்கரை போதாமல் போகிறது. மூளை பட்டினி கிடக்கும்போது தெரியும் அறிகுறிகள் பார்வைக்கு முதுமை போலவே இருக்கும்: எரிச்சல், பிடிவாதம், சொன்னதையே சொல்வது, வார்த்தை குழறுவது, கண் நிலைகுத்தி உட்கார்ந்திருப்பது, நடை தள்ளாடுவது. சில சமயம் ஒரு பக்கக் கை கால் தளர்ந்து பக்கவாதம் போலவே தோன்றும். இரவில் இறங்கினால் வியர்வை, கெட்ட கனவு, தூக்கத்தில் பேச்சு, விடிந்ததும் தலைவலி.

அம்மாவுக்கு மெட்டோபிரோலால் வேறு இருக்கிறது. படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்குவதே அந்த மருந்தின் வேலை. மிச்சமிருந்த மணியையும் அது அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் அதனால் அடக்க முடியாது. அதனால்தான் நீங்கள் எழுதியதில் அந்த ஈரத் தலையணை என் கண்ணில் முதலில் பட்டது. அதற்காக மெட்டோபிரோலாலைத் திடீரென நிறுத்திவிடக் கூடாது, அது இதயத்துக்கு ஆபத்து. சிக்கல் அதில் இல்லை, கிளிமிபிரைடில் இருக்கிறது.

ஒரு எளிய அடையாளம் சொல்கிறேன். கோபமோ குழப்பமோ சாப்பாட்டுக்கு முன் வந்து, சாப்பிட்ட அரை மணியில் தெளிந்தால், சர்க்கரையைச் சந்தேகியுங்கள். மறதி நோய் சாதத்துக்குக் கட்டுப்படாது.

அளப்பது எப்படி என்று பார்ப்போம். நாளுக்கு ஆறு தடவை குத்தித் துன்புறுத்த வேண்டியதில்லை. ஒரு நாள் காலை வெறும் வயிற்றிலும் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னும், மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும், இப்படி மாற்றி மாற்றி ஐந்து நாள். அதில் இரண்டு இரவு மட்டும் அலாரம் வைத்து 3 மணிக்கு ஒன்று. இவை தவிர, எரிந்து விழும் அந்த நிமிடத்தில் சண்டை போடாமல் ஒரு தடவை. அந்த ஒரு ஸ்ட்ரிப்தான் எல்லாவற்றிலும் விலைமதிப்பானது. விழுந்தாலும் தூக்கி உட்கார வைத்த கையோடு அளந்துவிடுங்கள். குத்துமுன் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். வாழைப்பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையே 60-ஐ 110 ஆகக் காட்டப் போதும். தாளில் எண்ணோடு மூன்று விஷயம் எழுதுங்கள்: மாத்திரை சாப்பிட்ட நேரம், கடைசியாக என்ன, எவ்வளவு சாப்பிட்டார், அப்போது எப்படி இருந்தார். "12.40 மணி, 63. காலை 7.30 மாத்திரை, 9.15-க்கு ஒன்றரை இட்லி. பேச்சில் எரிச்சல்" என்ற ஒரு வரி டாக்டரிடம் பத்து நிமிடம் பேசுவதற்குச் சமம். மாத்திரைக்கும் டிபனுக்கும் நடுவே ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியிருப்பது அந்த வரியில் தானாகத் தெரியும். சாப்பாட்டுக்கு முன் என்று எழுதியிருப்பதை எழுந்தவுடன் என்று எடுத்துக்கொள்ளும் வீடுகள் அதிகம். தட்டு முன்னால் வந்த பிறகு மாத்திரையைக் கொடுங்கள்.

வசதி இருந்தால் மேல்கையில் ஒட்டி 14 நாள் அளக்கும் சென்சார் ஒன்றை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது. முதியவர்களுக்கு 70-க்குக் கீழே போகும் நேரம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக, அதாவது நாளுக்கு ஒரு கால் மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். 70-க்கும் 180-க்கும் நடுவில் பாதி நேரத்துக்கு மேல் இருந்தாலே போதும். ஒரு எச்சரிக்கை: ஒட்டிய கையின் மேலேயே புரண்டு படுத்தால் சென்சார் பொய்யாக 50, 55 என்று காட்டும். இரவில் அப்படி வந்தால் விரலில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

70-க்குக் கீழே வந்துவிட்டால் என்ன கொடுப்பது என்பதில் உங்கள் அம்மா விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. எல்லாரும் சொல்வது மூன்று தேக்கரண்டி சர்க்கரை. ஆனால் வோக்ளிபோஸ் என்ன செய்கிறது என்றால், குடலில் சாதாரணச் சர்க்கரையையும் மாவையும் உடைக்கும் என்சைமைத் தடுக்கிறது. அவசரத்தில் கொடுத்த சர்க்கரை உடையாமல் குடலிலேயே நிற்கும், ரத்தத்துக்கு வர நேரமாகும். ஆகவே மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடரை வாங்கி வையுங்கள். குவித்த மூன்று தேக்கரண்டியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், ஏறத்தாழ 15 கிராம். அது இல்லாவிட்டால் ஒரு மேசைக்கரண்டி தேன், அதில் குளுக்கோஸ் நேரடியாகவே இருக்கிறது. இரண்டும் இல்லாத இடத்தில் சர்க்கரைதான் இருக்கிறது என்றால் அதையே கொடுங்கள், ஆனால் ஏறத் தாமதமாகும் என்று தெரிந்து கொடுங்கள். சாக்லேட், மைசூர்பாகு, கடலை மிட்டாய் வேண்டாம். அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரையை இன்னும் மெதுவாக்கும். 15 நிமிடம் கழித்து அளந்து, 70-க்குக் கீழேயே இருந்தால் அதே அளவு இன்னொரு முறை. ஏறிய பிறகு இரண்டு இட்லியோ பாலும் பிஸ்கட்டுமோ சாப்பிட வேண்டும்.

தெளிந்துவிட்டார் என்று அதோடு விட்டுவிடக் கூடாது. கிளிமிபிரைடு உள்ளே இருக்கும்வரை கணையத்தைப் பிழிந்துகொண்டேதான் இருக்கும். சிறுநீரகம் குறைந்தவருக்கு மூன்று நான்கு மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம், மறுநாள் கூட இறங்கலாம். 54-க்குக் கீழே போனாலோ, புத்தி தடுமாறினாலோ, இரண்டாம் தடவை இறங்கினாலோ ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்ப்பதுதான் சரி. அங்கே ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, எழுந்து உட்கார்ந்ததும் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தால், கிளிமிபிரைடு சாப்பிடுகிறார், இ-ஜிஎஃப்ஆர் 42 என்று நீங்களே சொல்லுங்கள். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டரிடம் என்ன கேட்பது? முதல் கேள்வி, "இந்தக் கூட்டு மாத்திரையைப் பிரித்துத் தர முடியுமா?" மூன்றும் ஒன்றாக இருக்கும்வரை கிளிமிபிரைடை மட்டும் குறைக்க வழியில்லை. இவற்றில் மெட்ஃபார்மின் பெரும்பாலும் மெதுவாகக் கரையும் வகையாக இருக்கும், பாதியாக உடைத்துக் கொடுத்தால் அந்த அமைப்பு கெட்டுவிடும். ஒரே மாத்திரை வசதிதான், ஆனால் முதியவருக்கு டோஸ் குறைக்க வேண்டிய நாளில் அந்த வசதியே இடைஞ்சல்.

பிரித்த பிறகு வழக்கமாகச் செய்யக்கூடியது இது. இரவுக் கிளிமிபிரைடை முதலில் எடுத்துவிடுவது. தூக்கத்தில் இறங்கினால் யாருக்கும் தெரியாது என்பதால் அதுதான் முதல். காலை 2 மில்லிகிராமை 1 ஆக்குவது, அளவுகள் தாழ்வாகவே இருந்தால் அதையும் நிறுத்துவது. 63-ம் 58-ம் ஏற்கெனவே வந்திருந்தால் பல டாக்டர்கள் ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள், அதுவும் சரியே. மெட்ஃபார்மின் 500 இருவேளை தொடரலாம். இ-ஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே போனால் நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, 30-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். இப்போது எல்லையிலேயே இருக்கிறார். ஆனால் பசி குறைந்து எடையும் குறைபவருக்கு மெட்ஃபார்மினே பசியைக் கெடுக்கலாம், அதையும் கேளுங்கள். கிளிமிபிரைடு போன பிறகு சர்க்கரை மிகவும் ஏறினால் லினாக்ளிப்டின் 5 மில்லிகிராம் போன்ற கிளிப்டின் வகையைச் சேர்க்கலாம். சர்க்கரை இருக்கும்போது மட்டுமே இன்சுலினைத் தூண்டும் என்பதால் தனியாக இறக்கம் தராது. லினாக்ளிப்டினுக்குச் சிறுநீரகம் பார்த்து டோஸ் மாற்றவும் தேவையில்லை. டாபாக்ளிஃப்ளோசின் சிறுநீரகத்துக்கு நல்லது என்று எழுதலாம், அது உண்மையும்கூட. ஆனால் சிறுநீரில் சர்க்கரையை விட்டு எடையைக் குறைக்கும் மருந்து அது. 54-லிருந்து 48-க்கு வந்தவருக்கு யோசித்துத்தான் தொடங்க வேண்டும்.

மருந்தைக் குறைத்த முதல் வாரம்தான் குடும்பத்துக்குச் சோதனை. 98 இருந்த இடத்தில் 140, 151 இருந்த இடத்தில் 205 வரும். யாராவது ஒருவர் பயந்துபோய்ப் பழைய மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார். அந்த ஏற்றம் எதிர்பார்த்தது, அதற்காகத்தான் குறைத்தோம். பழைய அட்டைகளை வீட்டில் வைக்காதீர்கள். கிளிமிபிரைடின் வேகம் இரண்டு மூன்று நாளில் போய்விடும், புதிய நிலை தெரிய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். எச்பிஏ1சியை மூன்று மாதத்துக்கு முன் எடுப்பதில் பொருளில்லை. வெறும் வயிற்றில் தொடர்ந்து 180-க்கு மேல் நின்றாலோ, எந்த நேரத்திலும் 250-க்கு மேல் இரண்டு மூன்று நாள் வந்தாலோ, இரவில் சிறுநீர் கூடினாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள். 300-க்கு மேல் நின்று, தண்ணீர் குடிக்காமல் மயங்கிக் கிடந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

கிளிமிபிரைடு கொஞ்சம் தொடர்ந்தாலும்கூட மூன்று சந்தர்ப்பங்களில் பழைய ஆபத்து திரும்பி வரும். ஒன்று, ஏகாதசி, சஷ்டி என்று பட்டினி கிடக்கும் நாள். சாப்பிடாத வேளைக்குக் கிளிமிபிரைடு கிடையாது. விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு, வாந்தி, பேதி, காய்ச்சல். சாப்பாடு இறங்காது, தண்ணீர் வற்றிச் சிறுநீரகமும் இன்னும் தளரும். அன்று மெட்ஃபார்மினையும் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல், பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல் ஆகியவை கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரையைக் கடுமையாக இறக்கக்கூடும். நீர்க்கடுப்பு என்று மருந்துக்கடையில் நேராகக் கேட்டு வாங்கும் ஐந்து நாள் மாத்திரை ஒரு முதியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம். புதிதாக ஆன்டிபயாடிக் எழுதினால், கிளிமிபிரைடு சாப்பிடுகிறார் என்று அந்த டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த நாட்களில் மதியமும் படுக்கும் முன்னும் ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

கடைசியாக, மாத்திரை டப்பாவைத் திறந்து ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் படியுங்கள். கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள், அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். தனியார் டாக்டர் எழுதியது ஒன்று, வீடு தேடி வரும் அரசுத் திட்டத்தில் கிடைத்தது ஒன்று, மகள் வீட்டுக்குப் போனபோது வாங்கியது ஒன்று என்று மூன்று நிறத்தில் மூன்று பெயரில் இருந்தாலும், மூன்றிலும் 'கிளி' என்று தொடங்கும் மருந்தே இருக்கலாம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு, கிளிக்ளசைடு எல்லாம் ஒரே குடும்பம். இரண்டு அட்டையில் இவற்றில் எதுவாவது இருந்தால், அம்மா இத்தனை நாள் இரட்டை டோஸில் இருந்திருக்கிறார். அப்படியானால் அடுத்த வேளை கொடுப்பதற்கு முன்பே டாக்டரைக் கூப்பிடுங்கள்.